ஒடியல் மாவை இரண்டு மொழியில் விற்பது: ஒரே பக்கமா, இரண்டு பொருளா, இரண்டு பக்கமா?

யாழ்ப்பாணத்தில் பனம்பொருள் விற்கும் சின்னக் கடைகள் இணையத்தில் பொருள் விபரம் எழுதும்போது மூன்று வழியில் ஒன்றைப் பிடிக்கின்றன. ஒரே பக்கத்தில் மேலே தமிழ், கீழே ஆங்கிலம். இல்லையென்றால் தமிழில் ஒரு பொருள், ஆங்கிலத்தில் இன்னொரு பொருள் என்று இரண்டாகப் பதிவது. மூன்றாவது, பொருள் ஒன்று, அதற்கு இரண்டு மொழிப் பக்கம். ஒடியல் மாவை வைத்து மூன்றையும் பார்ப்போம், ஏனென்றால் உள்ளூரில் வாங்குபவருக்கும் வெளிநாட்டில் வாங்குபவருக்கும் தெரிய வேண்டியது எவ்வளவு வேறுபடுகிறது என்பது இதில் நன்றாகவே வெளிக்கும்.

கொக்குவிலில் இருக்கும் ஒருவருக்கு ஒடியல் என்றால் பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தது, புழுக்கொடியல் என்றால் அவித்துக் காயவைத்தது என்று விளக்கத் தேவையில்லை. கூழுக்குப் போட முன் ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல்தண்ணீரை ஊற்றிக் கசப்பை எடுக்க வேண்டும் என்பதும் வீட்டில் தெரியும். அவர் கேட்பது இந்த வருடக் கிழங்கா, எப்போது அரைத்தது, எத்தனை கிராம், வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தபின் காசு கொடுக்கலாமா என்பதுதான். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளையின் நிலை வேறு. பல கடைகள் ஒடியல் மா, புழுக்கொடியல் மா இரண்டையுமே ஆங்கிலத்தில் palmyra root flour என்றுதான் போடுகின்றன. அந்தப் பிள்ளை ஒடியல் மாவை வாங்கி, அம்மா சின்ன வயதில் புழுக்கொடியல் மாவுக்குச் செய்தது போலத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்து வாயில் வைத்தால் கசக்கும். மா பழுதாகிவிட்டது என்று நினைத்து ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விடும். பிழை மாவில் இல்லை, ஆங்கில விபரத்தில் இருக்கிறது. இது அவிக்காத கிழங்கின் மா, அப்படியே சாப்பிடக் கூடாது, ஊறவைத்து வடித்துத்தான் சமைக்க வேண்டும் என்ற இரண்டு வரி அங்கே முதலிலேயே இருந்திருக்க வேண்டும். அதனால் தமிழில் எழுதியதை ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள், இரண்டையும் தனித்தனியாக யோசித்து எழுத வேண்டும்.

சரி, முதல் வழி. ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் இருந்தால் விலை மாறும்போது ஒரு இடத்தில் திருத்தினால் போதும், முகநூல் பக்கத்துக்கு இதுவே பொருத்தம். லண்டனில் இருந்து காசு கட்டி ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பச் சொல்பவர்கள் அதே இணைப்பை அம்மாவுக்கும் காட்டலாம். ஆனால் சொந்த இணையக் கடையில் இதுதான் மூன்றிலும் பலவீனமானது. கூகுள் ஒரு பக்கத்தின் மொழியைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை வைத்தே தீர்மானிக்கிறது, HTML இல் lang என்று நீங்கள் போட்டதை வைத்து அல்ல. ஒரே பக்கத்தில் இரண்டு மொழியைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று அதன் வழிகாட்டியிலேயே இருக்கிறது. அப்புறம், தலைப்புக்கு இடமும் போதாது. Etsy என்ற இணையச் சந்தையில் தலைப்புக்கு 140 எழுத்துக்குறிதான், கணினி புள்ளியையும் விசிறியையும் தனித்தனியே எண்ணும். ஒடியல் நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஆறு.

இரண்டாவது வழியை எடுத்த கடைகளுக்கு வரும் தலையிடி கையிருப்பு. இருப்பது 20 பக்கற், தமிழ்ப் பொருளிலும் 20 என்று கிடக்கிறது, ஆங்கிலப் பொருளிலும் 20 என்று கிடக்கிறது. தைப்பொங்கலை ஒட்டி ஊரில் 15 போய்விடும், அதே கிழமை வெளிநாட்டில் இருந்து 10 கேட்டு வரும், ஐந்து பக்கற்றுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளும் இரண்டாகப் பிரிந்துபோகும். ஒரேயொரு இடத்தில் இது சரி: வெளிநாட்டுக்கு 500 கிராம் காற்று எடுத்த பை, ஊருக்கு ஒரு கிலோ சாதாரணப் பை என்று பொதியே வேறாக இருந்தால். அப்போது அது உண்மையிலேயே இரண்டு பொருள்தான், மொழிக்காகப் பிரித்தது இல்லை.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் இதற்குத்தான் போக வேண்டும், வேலை கூட என்றாலும். WordPress தளத்தில் கடை நடத்த உதவும் WooCommerce இல், பக்கங்களைப் பல மொழியில் வைக்க உதவும் Polylang இன் இலவசப் பதிப்பை மட்டும் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைத்தால் இரண்டு பக்கமும் தனிப் பொருளாகவே கிடக்கும், மேலே சொன்ன 20 பக்கற் பிரச்சினை திரும்ப வரும். கையிருப்பை ஒன்றாக்க Polylang for WooCommerce என்ற கட்டண நீட்சி வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று காட்ட வேண்டும், இந்த இரண்டு வரியும் இரண்டு பக்கத்திலும் இருக்க வேண்டும், ஒன்றில் மட்டும் போட்டால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காமல் விடலாம்:

```
<link rel="alternate" hreflang="ta" href="https://example.com/ta/odiyal-maa">
<link rel="alternate" hreflang="en" href="https://example.com/en/odiyal-maa">
```

தமிழ்ப் பக்கத்தின் முகவரியையும் ஆங்கில எழுத்தில் வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒடியல்-மா என்று தமிழில் வைத்தால், பிரதி பண்ணி வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் %E0 என்று தொடங்கும் ஒன்பது எழுத்தாக விரியும். அந்தச் சின்னப் பெயர் மட்டும் 73 எழுத்து நீளம், பார்ப்பவருக்கு ஏதோ ஏமாற்று இணைப்பு மாதிரித் தெரியும். இருக்கும் நாட்டைப் பார்த்துத் தானாக ஆங்கிலப் பக்கத்துக்குத் தள்ளிவிடும் வசதியையும் போடாதீர்கள். பாரிஸில் இருக்கும் பெரியப்பாவுக்குத் தமிழ்ப் பக்கம்தான் வேண்டும். மேலே மொழி மாற்றும் பொத்தான் இருந்தால் போதும்.

ஆங்கிலப் பக்கத்தில் odiyal maa, odiyal flour, palmyrah என்று சனம் தேடும் வடிவங்களை வசனத்துக்குள்ளேயே இயல்பாக வர வையுங்கள். இரண்டாம் தலைமுறை தமிழைப் பேசுவார்கள், ஆனால் பலர் தட்டச்சு செய்வது ஆங்கில எழுத்தில்தான்.

ஆங்கிலத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிரித்தானியாவில் பொதி செய்த உணவை இணையத்தில் விற்றால், சேர்மானங்களும் ஒவ்வாமை விபரமும் வாங்க முன்பே தெரிய வேண்டும் என்பது சட்டம். பட்டியலில் உள்ள 14 ஒவ்வாமைப் பொருட்களில் எள்ளு, கடுகு, பால், கோதுமை எல்லாம் இருக்கின்றன. ஒடியலில் இவை ஒன்றும் இல்லைதான், ஆனால் அதை அரைத்த மில்லில் காலையில் கோதுமை அரைத்திருந்தால் gluten free என்று போட முடியாது. அங்கே அந்தச் சொல்லுக்கு எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம், பரிசோதிக்காமல் எழுதவே வேண்டாம். அரைத்த இடத்தில் கோதுமையும் எள்ளும் அரைபடுகின்றன என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

தமிழ்ப் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் கேடு வேறு. லேபல் அடித்த அச்சகத்தில் இருந்து வந்த பாமினி எழுத்தை அப்படியே தளத்தில் ஒட்டிவிடுவார்கள். கடைக் கணினியில் பாமினி எழுத்துரு தெரிவுசெய்திருந்தால் தமிழாகத்தான் தெரியும், வாங்குபவரின் தொலைபேசியில் பனங்கட்டி என்பது gdq;fl;b என்று வரும், தேடலிலும் அகப்படாது. பாமினி இல்லாத ஒரு தொலைபேசியில் திறந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும், யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். தமிழைப் படத்துக்குள் எழுதிப் போடுவதும் இதே மாதிரித்தான், அழகாக இருக்கும், தேடினால் கிடைப்பது கடினம்.

Etsy போன்ற சந்தைத் தளத்தில் தமிழுக்குத் தனி மொழிப் பெட்டி இல்லை, அங்கே முதல் வழிக்குத்தான் போக வேண்டும். தலைப்பும் முதல் இரண்டு பந்தியும் முழுக்க ஆங்கிலம், அவிக்காத மா என்பது முதல் வரியில், தமிழ் கடைசிப் பந்தியில் சேர்ந்தாற்போல் ஒரே துண்டாக. வரிக்கு வரி மாற்றி மாற்றி எழுதினால் இரண்டு மொழிக்காரருக்கும் வாசிக்கக் கஷ்டம்.