எதிர் முகம் பார்த்து விடை போடும் முறை: இரண்டரை வருஷம் பயன்படுத்திய பிறகு

எஸ்எஸ்சி, ரயில்வே, டிஎன்பிஎஸ்சி என்று மாறி மாறி எழுதிக்கொண்டிருப்பவன் நான். ரீசனிங்கில் பகடை, கனசதுரம், அட்டையை மடித்துப் பெட்டியாக்கும் கேள்வி என்றாலே ஆரம்பத்தில் தாண்டிப் போய்விடுவேன். மனசுக்குள் பெட்டியைச் சுழற்றினால் இரண்டு திருப்பம் வரைக்கும் தாங்கும். மூன்றாவது திருப்பத்தில் எந்தப் பக்கம் எங்கே போனது என்பதே மறந்துவிடும். "பெட்டியைச் சுத்தாதே, எதிரெதிர் ஜோடியை மட்டும் எழுது" என்று கோச்சிங்கில் ஒரு சார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இரண்டரை வருஷம் ஆகிறது. முறை நல்ல முறைதான். ஆனால் அவர் சொன்னது பாதி. மீதிப் பாதியை மார்க் இழந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஓபன் டைஸ், அதாவது விரித்த அட்டை, கொடுத்தால் எதிர் முகம் கண்டுபிடிப்பது லேசு. நேர் வரிசையில் ஒன்று விட்டு ஒன்று எதிர். நேர் வரிசை கிடைக்காவிட்டால், இசட் எழுத்து மாதிரி வளையும் கட்டங்களின் இரண்டு முனையும் எதிர். ஆறு கட்டமும் படிக்கட்டு மாதிரி இறங்கினால் ஒன்றுக்கு நாலு, இரண்டுக்கு ஐந்து, மூன்றுக்கு ஆறு. கனசதுரத்தை விரிக்கும் வடிவங்கள் மொத்தமே 11தான். இந்த இரண்டு விதியும் அந்தப் பதினொன்றுக்கும் போதும்.

ஜோடி எழுதியதும், மடித்தால் எந்தப் பெட்டி வரும் என்று விடைகளாகக் கொடுத்திருக்கும் நாலு படத்தையும் பார்க்க வேண்டும். எதிரெதிர் முகம் இரண்டு ஒரே படத்தில் தெரியவே முடியாது. தெரிந்தால் அடித்துவிடலாம். முதல் சில மாதம் இதை வைத்தே ஓட்டினேன். மாடல் டெஸ்ட்டுகளில் இந்தப் பகுதியில் தப்பு குறைந்தது, நேரமும் மிச்சமானது. அப்புறம்தான் சிக்கல் தெரிய ஆரம்பித்தது. இரண்டு விடை அடிபடும், இரண்டு மிஞ்சும். அதில் எது என்று யூகித்துப் போடுவேன், பாதிக்குப் பாதி தப்பும். எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் தாளில் 100 கேள்விக்கு 60 நிமிஷம், ஒரு தப்புக்கு அரை மார்க் போகும். அங்கே யூகம் செலவாகிற விஷயம்.

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். மேலிருந்து கீழாக நாலு கட்டம்: க, ச, ட, த. ச-வுக்கு இடப்பக்கம் ப, வலப்பக்கம் ம. சிலுவை வடிவம். ஜோடிகள்: க-ட, ச-த, ப-ம. விடைகள் இப்படி இருக்கின்றன என்று வையுங்கள். முதல் படத்தில் ப-வும் ம-வும் சேர்ந்து தெரிகின்றன, போச்சு. இரண்டாவதில் ச-வும் த-வும், அதுவும் போச்சு. மூன்றாவதில் மேலே க, முன்னால் ம, வலப்பக்கம் ச. நாலாவதில் மேலே ட, முன்னால் ம, வலப்பக்கம் ச. இரண்டிலும் எதிர் ஜோடி எதுவும் சேரவில்லை. கோச்சிங் விதி இங்கே வாயை மூடிக்கொள்கிறது.

மூன்றாவது தப்பு, நாலாவதுதான் விடை. எப்படி என்றால், விரித்த அட்டையில் க, ச, ம மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன: ச-வின் வலது மேல் மூலை. அந்தப் புள்ளியைச் சுற்றி கடிகாரம் சுற்றும் திசையில் விரலை ஓட்டினால் க, ம, ச என்று வரும். மடித்தாலும் அந்த வரிசை மாறாது. மூன்றாவது படத்தில், மூன்று முகம் கூடும் மூலையைச் சுற்றி அதே திசையில் போனால் மேலே க, வலப்பக்கம் ச, முன்னால் ம. வரிசை தலைகீழ். அது கண்ணாடியில் தெரியும் பெட்டி, நம் பெட்டி இல்லை.

நாலாவதைப் பார்ப்போம். அதில் க-வின் இடத்துக்கு அதன் எதிரான ட வந்திருக்கிறது. இதற்கு மறுபடி அட்டையைத் தேட வேண்டாம். ஒரு முகத்தை எடுத்துவிட்டு அதன் எதிர் முகத்தைப் போட்டால் சுற்றும் வரிசை திரும்பிவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி மடித்து, பேனாவால் எழுத்துப் போட்டு இதைக் கையில் வைத்துப் பார்த்தேன். க, ம, ச கூடும் மூலையில் விரலை வைத்து, ம-வும் ச-வும் சேரும் விளிம்பு வழியாகக் கீழே இறங்கினால் அந்த முனையில் ட இருக்கிறது. ம-வும் ச-வும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இப்போது அவற்றை விளிம்பின் மறுமுனையிலிருந்து பார்க்கிறோம், அதனால் இடம் வலம் மாறுகிறது. க, ம, ச என்பது ட, ச, ம ஆகிறது. நாலாவது படத்தில் மேலே ட, வலப்பக்கம் ச, முன்னால் ம. சரியாக உட்காருகிறது.

இதுதான் எனக்குக் கிடைத்த மீதிப் பாதி. ஒரு முகம் மாறினால் வரிசை திரும்பும், இரண்டு மாறினால் பழையபடி, மூன்றும் மாறினால் மறுபடி திரும்பும். ஒரே ஒரு மூலையின் வரிசையை ஓரத்தில் குறித்துக்கொண்டால் மீதி ஏழு மூலைக்கும் இதை வைத்தே சொல்லிவிடலாம்.

பகடை கேள்வியில் "பொதுவான எண்ணிலிருந்து கடிகாரச் சுற்றில் எழுதி நேருக்கு நேர் ஜோடி சேர்" என்று ஒரு விதி உண்டு. அது ஏன் சரி என்று ரொம்ப நாள் எனக்குப் புரியாமலே மனப்பாடமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் படத்தில் 3, 5, 1. இரண்டாவதில் 3, 2, 6. அப்போது 5-க்கு எதிர் 2, 1-க்கு எதிர் 6, மிஞ்சிய 4 என்பது 3-க்கு எதிர். மேலே சொன்னதுதான் காரணம்: 3 நிற்க, மற்ற இரண்டும் எதிராக மாறியிருக்கின்றன, இரண்டு மாறினால் வரிசை கெடாது. இரண்டாவது படம் 3, 6, 2 என்று சுற்றினால் ஜோடிகள் 5-6, 1-2 ஆகிவிடும். பொதுவான எண் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை, சுற்று மட்டும் பார்த்தால் போதும். இரண்டு எண் பொதுவாக இருந்தால் அந்த வேலையும் வேண்டாம், மிஞ்சிய இரண்டும் எதிர்.

எதிர் முகக் கூட்டல் 7 என்பதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் 3-ம் 4-ம் தெரிந்தாலே அது 7 பகடை இல்லை. என் தங்கச்சி குரூப் 4-க்குப் படிக்கும்போது, "ஏண்ணா, தாயக்கட்டை மாதிரி இதுக்கும் தனித்தனி கணக்கா?" என்று கேட்டாள். கேள்வி போடுகிறவர் எண்ணை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று சொன்னேன். குரூப் 4-ல் நெகட்டிவ் மார்க் இல்லை என்பதால் அவள் தைரியமாக யூகிக்கிறாள், அது அவள் பாடு.

இந்த முறை உதவாத இடம் ஒன்று: காகிதத்தை மடித்து ஓட்டை போட்டு விரிக்கும் கேள்வி. அங்கே எதிர் முகமே கிடையாது. கடைசி மடிப்பிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு மடிப்பையும் பிரித்து, மடிப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டையைப் பிரதி எடுக்க வேண்டும். பெட்டிக் கேள்வியோடு சேர்த்துப் படித்துக் குழம்பியவர்களில் நானும் ஒருத்தன்.

இன்னொரு இடம், முகத்தில் அம்புக்குறியோ பாதி நிழலோ இருக்கும் கேள்வி. மூன்று முகமும் சரி, வரிசையும் சரி, ஆனால் அம்பு வேறு பக்கம் பார்க்கும். இதற்கு அம்பு "மேலே", "வலப்பக்கம்" என்று நினைக்காமல், எந்த முகத்தைப் பார்க்கிறது என்று பெயர் சொல்லிக் குறிக்கிறேன். மேலே சொன்ன அட்டையில் க-வின் அம்பு வலப்பக்கம் காட்டினால், மடித்த பிறகு அது ம-வைப் பார்க்கும். க-வின் மேல் ஓரம் போய் ஒட்டுவது த-வோடு. இந்த வகையில் எனக்கு இன்னும் நாற்பது நொடிக்குக் குறைந்து முடிவதில்லை. அதனால் தேர்வில் அதைக் குறித்துவைத்துவிட்டு, நேரம் மிஞ்சினால்தான் திரும்பி வருகிறேன்.