பிராண்ட் பெயரைக் கண்காணிக்க எது சரி: கூகுள் அலர்ட்ஸா, கட்டணக் கருவியா, சொந்த வடிகட்டியா?

உங்கள் செக்கு எண்ணெய்க்குக் ‘குறிஞ்சி’ என்று பெயர் வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இணையத்தில் யார் அதைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று தெரிய வேண்டும். ஆனால் அதே சொல்லில் திணை வருகிறது, பூ வருகிறது, பெண்களின் பெயர் வருகிறது, கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியும் வருகிறது. கண்காணிப்பை அமைப்பது ஐந்து நிமிட வேலை. இந்தக் கூட்டத்திலிருந்து எண்ணெயைப் பிரிப்பதுதான் உண்மையான வேலை.

முதலில் எல்லோரும் போவது கூகுள் அலர்ட்ஸ். கொடுத்த சொல் இணையத்தில் புதிதாக வந்தால் மின்னஞ்சலில் சொல்லும். இலவசம். மேற்கோள் குறி, OR, கழித்தல் குறி எல்லாம் ஏற்கும். பெயரை மட்டும் கொடுத்தால் குப்பை கொட்டும் என்பதால் இப்படிக் கொடுக்கலாம்:

```
"குறிஞ்சி" (எண்ணெய் OR செக்கு OR oil) -site:example.com
```

கடைசியில் உங்கள் சொந்தத் தளத்தின் முகவரியைப் போடுங்கள்; இல்லாவிட்டால் உங்கள் பக்கமே உங்களுக்குச் செய்தியாக வரும். ‘Kurinji’, ‘Kurinchi’ என்ற எழுத்துக்கூட்டல்களுக்குத் தனித்தனி அலர்ட் வேண்டும். பலர் ‘-பூ’, ‘-flower’ என்று விலக்குச் சொற்களை அடுக்குகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ‘பூ வாசனை அடிக்கிறது, இது நல்லெண்ணெயா?’ என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டால், நீங்கள் பார்க்க வேண்டிய அந்தப் பதிவே காணாமல் போய்விடும். உடன்வரும் சொல்லைக் கேட்பது, வேண்டாத சொல்லை விலக்குவதைவிடப் பாதுகாப்பானது. விலக்குவதைக் கூப்பன் தளம், நகல் தளம் என்று தெரிந்துபோன முகவரிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அலர்ட்ஸின் பலவீனம் இரண்டு. சமூக ஊடகப் பதிவுகள் அதில் அரிதாகவே சிக்கும். தமிழில் உருபு ஏறிய வடிவங்களும் நழுவும்: மேற்கோள் குறிக்குள் ‘குறிஞ்சி’ என்று கொடுத்துவிட்டு, ‘குறிஞ்சியில் கசப்பு’ என்று எழுதியவரும் சிக்குவார் என்று நம்பி இருக்க முடியாது.

பிராண்ட்24, மென்ஷன் போன்ற மாதக் கட்டணக் கருவிகள் முதல் குறையை ஓரளவு தீர்க்கும். கட்டாயச் சொல், விலக்குச் சொல், விலக்குத் தளம் எல்லாம் பொத்தானிலேயே இருக்கும். அவை காட்டும் ‘நல்ல கருத்து, கெட்ட கருத்து’ வகைப்பாட்டைத் தமிழ்ப் பதிவுகளுக்கு நம்பி முடிவெடுக்காதீர்கள். சோதனைக் காலத்தில், ஏற்கெனவே கண்ணில் பட்ட தமிழ்ப் பதிவுகள் சிலவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, அவற்றில் எத்தனையைக் கருவி பிடிக்கிறது என்று பாருங்கள். பாதிகூட வரவில்லை என்றால் பணம் வீண். வாட்ஸ்அப் குழுவையும் மூடிய ஃபேஸ்புக் குழுவையும் எந்தக் கருவியும் பார்க்காது.

மூன்றாவது வழி சொந்த வடிகட்டி. சிறு நிறுவனத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். அலர்ட்ஸ் அமைக்கும்போது மின்னஞ்சலுக்குப் பதில், புதிய முடிவுகளை நிரல் படிக்கும் பட்டியலாகத் தரும் ஆர்எஸ்எஸ் ஊட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ‘எல்லா முடிவுகளும்’ என்று வைத்து, அதை ஒரு சின்ன பைத்தான் நிரலால் சலிக்கலாம். வடிகட்டுவது இப்போது உங்கள் கையில் இருப்பதால் அலர்ட்டில் கேட்கும் வடிவங்களைத் தாராளமாக்கலாம்: ‘குறிஞ்சியில்’, ‘குறிஞ்சியை’ என்று OR போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் ஒரு பொறி. முழுச் சொல்லைப் பிடிக்க ஆங்கிலத்தில் வழக்கமாகப் போடும் `\b` தமிழில் தலைகீழாக வேலை செய்யும். பைத்தானின் `re` உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை. அதனால் `\bகுறிஞ்சி\b` என்பது ‘குறிஞ்சி எண்ணெய்’ என்பதைத் தவறவிடும். ‘குறிஞ்சியில்’ என்பதைப் பிடிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, முடிவுகள் மட்டும் குறையும். சரியான வடிவம் இது:

```python
import re
peyar = re.compile(r"(?<![\u0B80-\u0BFF])குறிஞ்சி(?!ப்பாடி)")
thunai = re.compile(r"எண்ணெய|எண்ணை|செக்கு|\boil\b", re.I)
```

முன்னால் தமிழ் எழுத்து இருந்தால் விடும் என்பதால் நீலக்குறிஞ்சி போய்விடும், குறிஞ்சிப்பாடியும் போய்விடும், உருபுகள் நிற்கும். ‘எண்ணெய’ என்று புள்ளியில்லாமல் எழுதியிருப்பது தட்டச்சுப் பிழையல்ல. எண்ணெய், எண்ணெயை, எண்ணெயில் மூன்றும் அதில் அடங்கும். பேச்சுவழக்கில் ‘எண்ணை’ என்று எழுதுபவர்கள் ஏராளம் என்பதால் அதையும் சேர்த்தேன்.

பெயரும் துணைச்சொல்லும் சேர்ந்து வந்தால் உடனே அறிவிப்பு. பெயர் மட்டும் வந்தால் தனிக் கோப்பில் போகட்டும், அழிக்க வேண்டாம். ஊட்டத்தில் தலைப்பும் இரண்டு வரியும்தான் இருக்கும். எண்ணெய் என்ற சொல் பக்கத்தின் அடியில் இருந்தால் நிரலுக்குத் தெரியாது. அந்தக் கோப்பை வாரம் ஒருமுறை புரட்டுங்கள். அதில் உண்மையான பதிவு கிடைத்தால், அதிலுள்ள சொல்லைத் துணைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரே தலைப்பு பல தளங்களில் வந்தால் முதலாவதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நகல் தளங்களின் தொல்லை பெரும்பாலும் அதிலேயே அடங்கும்.

நிரல் எழுத ஆள் இல்லையென்றால் மேலே உள்ள அலர்ட்ஸ் வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். விற்பனை பெரும்பாலும் இன்ஸ்டாகிராம் வழி நடக்கிறது என்றால் மட்டும் கட்டணக் கருவியைச் சோதித்துப் பாருங்கள், அதுவும் மாதச் சந்தாவில். ஆண்டுச் சந்தா வேண்டாம்.