லோகோவிலேயே நிற்கும் கேம்: வீடியோவைத் தாண்ட நான்கு வழிகள், எது எப்போது உதவும்?

கேமைத் திறக்கிறோம். தயாரித்த நிறுவனத்தின் லோகோ வருகிறது, அத்தோடு சரி. எஸ்கேப், என்டர், மவுஸ் என்று எதை அழுத்தினாலும் அசைவில்லை. இதற்குத் தீர்வு தேடினால் பெரும்பாலும் நான்கு வழிகள்தான் கண்ணில் படும்: லாஞ்ச் ஆப்ஷன் போடு, ini கோப்பைத் திருத்து, வீடியோ கோப்பின் பெயரை மாற்று, அதன் இடத்தில் ஒரு வெற்று வீடியோவை வை. லோகோவைப் பார்க்கப் பொறுமை இல்லாதவருக்கு நான்கில் எதுவானாலும் போதும். ஆனால் கேம் உண்மையாகவே சிக்கி நிற்கும்போது இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒன்று பலிக்காத இடத்தில் இன்னொன்று பலிக்கும். சில இடங்களில் நான்குமே பலிக்காது, ஏனென்றால் சிக்கல் வீடியோவிலேயே இருக்காது.

முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பல கேம்களில் லோகோ ஒரு திரைச்சீலை. அது ஓடும்போது பின்னால் கேம் தன் கோப்புகளை ஏற்றிக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்தினாலும் வீடியோ போகாமல் இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பின்னால் நடக்கும் வேலை நின்றுபோனால், நம் கண்ணுக்கு லோகோ நின்றது போலத்தான் தெரியும்.

பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கேம் நிற்கும்போது ஆல்ட்+டேப் போட்டு வெளியே வந்து, விண்டோஸில் `resmon` என்று தட்டி Resource Monitor-ஐத் திறக்கவும். Disk பக்கத்தில் கேமின் exe-ஐ டிக் செய்தால், அது இப்போது எந்தக் கோப்புகளைப் படிக்கிறது என்று கீழே தெரியும். வேறு கோப்புகள் மாறி மாறி வந்துகொண்டிருந்தால் கேம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் காத்திருங்கள். ஒரு வீடியோ கோப்போடு எல்லாம் நின்றுவிட்டால் சந்தேகத்தை வீடியோ பக்கம் திருப்பலாம்.

லாஞ்ச் ஆப்ஷன்: சுத்தமானது, ஆனால் பேசாது

ஸ்டீமில் கேமின் பெயரில் ரைட் கிளிக் செய்து Properties போனால், General பக்கத்தில் Launch Options என்ற பெட்டி இருக்கும். வால்வின் சோர்ஸ் எஞ்சினில் வந்த ஹாஃப் லைஃப் 2, போர்ட்டல் போன்றவற்றுக்கு அதில் இதைப் போட்டால் போதும்:

```
-novid
```

எந்தக் கோப்பையும் தொடவில்லை, அப்டேட் வந்தாலும் அழியாது, வேண்டாமென்றால் பெட்டியைக் காலி செய்தால் முடிந்தது. இருப்பதில் பாதுகாப்பான வழி இதுதான்.

குறை என்னவென்றால், இது எல்லா கேமுக்கும் பொதுவான கட்டளை இல்லை. பார்டர்லேண்ட்ஸ் 2-க்கு `-nomoviestartup` என்று போட வேண்டும், எக்ஸ்காம் 2-க்கு `-noStartUpMovies`. இரண்டும் அன்ரியல் எஞ்சின் 3-இல் உருவானவை, அப்படியும் சொல் வேறு. தவறான சொல்லைப் போட்டால் பெரும்பாலான கேம்கள் பிழைச் செய்தி எதுவும் காட்டாது, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால் லாஞ்ச் ஆப்ஷன் போட்டும் லோகோ வந்தால், வீடியோதான் குற்றவாளி என்றோ இல்லை என்றோ எதையும் முடிவு செய்ய முடியாது. கட்டளை கேமுக்குப் புரியவில்லை என்பது மட்டுமே தெரியும்.

ini திருத்தம்: தெரிந்த கேமுக்கு நல்லது

ஸ்கைரிமை எடுத்துக்கொள்வோம். அதன் அமைப்புக் கோப்பு Documents கோப்புறைக்குள் `My Games` என்பதன் கீழ் `Skyrim.ini` என்ற பெயரில் இருக்கிறது. ஸ்பெஷல் எடிஷனுக்கு அதே இடத்தில் தனிக் கோப்புறை. நோட்பேடில் திறந்து `[General]` பகுதியில் இந்த வரியைச் சேர்க்க வேண்டும், சமக்குறிக்குப் பிறகு எதுவும் வேண்டாம்:

```
[General]
sIntroSequence=
```

எந்த வீடியோவை முதலில் ஓட்டுவது என்று கேம் பார்க்கும் இடம் அதுதான். பெயர் இல்லாததால் லோகோவை விட்டுவிட்டு நேரே மெனுவுக்குப் போகும். லாஞ்ச் ஆப்ஷன் போலவே அப்டேட்டுக்குத் தப்பும், ஏனென்றால் கோப்பு கேம் நிறுவப்பட்ட இடத்தில் இல்லை.

இங்கே அதிகம் தடுக்குவது இடத்தில்தான். ஒன்டிரைவ் பேக்கப் இயங்கும் கணினியில் Documents கோப்புறை ஒன்டிரைவுக்குள் நகர்ந்திருக்கும், பழைய இடத்திலும் ஒரு கோப்பு மிச்சம் இருக்கலாம். பழையதைத் திருத்திவிட்டு மாற்றமே இல்லையே என்று தவிப்பார்கள். கேமை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, எந்தக் கோப்புறையில் உள்ள கோப்புகளின் தேதி மாறியிருக்கிறது என்று பார்த்தால் சரியான இடம் தெரிந்துவிடும்.

இதே ஸ்கைரிம் இன்னொன்றையும் நன்றாகக் காட்டுகிறது. மோட் போட்டு விளையாடுபவர்களுக்கு லோகோ வந்தவுடன், மெனு வருவதற்கு முன்பே கேம் மூடிக்கொள்வது அடிக்கடி நடக்கும். ஒரு மோட் தனக்கு அடிப்படையாக இன்னொரு மோடின் கோப்பை எதிர்பார்க்கிறது, அந்தக் கோப்பு இல்லை அல்லது அணைந்திருக்கிறது. பெரும்பாலும் இதுதான் காரணம். மேலே சொன்ன வரியைச் சேர்த்தால் லோகோ போய்விடும், கேம் இப்போது கருப்புத் திரையிலிருந்து மூடிக்கொள்ளும். வீடியோவை எடுத்த பிறகும் அதே கட்டத்தில் விழுகிறது என்றால், அப்புறம் வீடியோவைத் துரத்துவதில் பயனில்லை. மோட் மேனேஜரில் எது குறைகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

பெயர் மாற்றம்: சந்தேகத்தைத் தீர்க்க இதுவே சிறந்தது

நான் சிக்கி நிற்கும் கேமில் முதலில் கை வைப்பது இங்கேதான். கேம் நிறுவப்பட்ட கோப்புறையில் `Movies`, `Video` போன்ற பெயரில் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். அன்ரியல் எஞ்சின் 4 கேம்களில் பெரும்பாலும் `Content\Movies` என்று இருக்கும். ஸ்கைரிமில் `Data\Video` கோப்புறைக்குள் லோகோ வீடியோ உட்கார்ந்திருக்கிறது. கோப்பின் பெயருக்குப் பின்னால் `.off` என்று சேர்த்துவிட்டு கேமைத் திறந்து பாருங்கள். அழிக்க வேண்டாம், திரும்பக் கொண்டுவரும் வசதி வேண்டும்.

லாஞ்ச் ஆப்ஷனைப் போல இது மழுப்பாது. கோப்பு இல்லை என்றால் இல்லைதான், கேம் அதை ஓட்ட வழியே இல்லை. மெனுவுக்குப் போய்விட்டால் வீடியோதான் காரணம் என்று உறுதி. அதே கட்டத்தில் மறுபடியும் நின்றால் காரணம் வேறு. ஒரே முயற்சியில் தெளிவான பதில்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வீடியோ போன பிறகு, அதன் பின்னால் நடந்துகொண்டிருந்த ஏற்றும் வேலை அதே நேரம் எடுக்கும், ஆனால் திரை கருப்பாக இருக்கும். பயந்து உடனே மூடிவிடாதீர்கள், வழக்கமாக லோகோ ஓடும் நேரத்தைவிடக் கூடுதலாகக் கொஞ்சம் காத்திருங்கள். அடுத்தது, சில கேம்கள் கோப்பைக் காணவில்லை என்றால் தாண்டிப் போகாமல் அங்கேயே நின்றுவிடும் அல்லது மூடிக்கொள்ளும். இப்போது நிற்கும் விதம் முன்பிருந்ததிலிருந்து மாறியிருக்கும், உதாரணமாக லோகோவே வராமல் உடனே விழும். அப்படி நடந்தால் அடுத்த வழிக்குப் போக வேண்டும்.

நிரந்தரத் தீர்வாக இது அவ்வளவு உறுதி இல்லை. ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னால் காணாமல் போன வீடியோவைத் திரும்ப இறக்கிவிடும், பெரிய அப்டேட்டிலும் அப்படி நடக்கலாம்.

வெற்று வீடியோ: பிடிவாதக்கார கேமுக்கு

கோப்பு இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கும் கேமுக்கு, அதே பெயரில் கண் இமைக்கும் நேரம் மட்டும் ஓடும் ஒரு வீடியோவைக் கொடுக்கலாம். mp4 என்றால், வீடியோ உருவாக்கும் இலவசக் கருவியான ffmpeg-இல் ஒரு வரி:

```
ffmpeg -f lavfi -i color=c=black:s=1280x720:r=30 -t 0.2 -pix_fmt yuv420p logo.mp4
```

`logo.mp4` என்ற இடத்தில் அசல் கோப்பின் பெயர். பூஜ்ஜியம் பைட் உள்ள காலிக் கோப்பை வைக்கச் சொல்பவர்களும் உண்டு. சில கேம்களில் நடக்கும், சிலவற்றில் அதைத் திறக்க முயன்றே சிக்கும். நிஜமான சிறு வீடியோ மேல்.

கோப்பு `.bik` அல்லது `.bk2` என்று முடிந்தால் அது Bink, அதாவது பிங்க் என்ற வீடியோ வகை. ffmpeg-ஆல் அதை உருவாக்க முடியாது. அதற்கு சுலபமான வழி, அதே கேமின் கோப்புறையில் இருக்கும் மிகச் சிறிய பிங்க் வீடியோ ஒன்றை நகலெடுத்து, சிக்கும் வீடியோவின் பெயரை அதற்கு வைப்பது. அதே கேம் ஓட்டக்கூடிய வீடியோ என்பதால் வடிவம் பொருந்துமா என்ற கவலை குறைவு.

இந்த வழி தோற்கும் இடம் ஒன்று உண்டு, அது முக்கியமானது. பிங்க் வீடியோவை ஓட்டும் பகுதியைக் கேம் தன்னோடே கொண்டுவருகிறது. mp4, wmv கோப்புகளுக்கோ பல கேம்கள் விண்டோஸின் மீடியா ஃபவுண்டேஷனை நம்பியிருக்கின்றன. விண்டோஸின் N பதிப்புகளில் அது கிடையாது. அங்கே வெற்று mp4 வைத்தாலும் அதை ஓட்டவும் ஆள் இல்லை, கேம் அதே இடத்தில்தான் நிற்கும். Settings-இல் About பக்கத்தில் பதிப்பின் பெயருக்குப் பின்னால் N என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் Optional features வழியாக Media Feature Pack-ஐச் சேர்த்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

இப்படிப்பட்ட கணினியில் லோகோவை மட்டும் தாண்டிவிட்டுச் சமாதானம் அடைவது சரியல்ல. மெனு வரும், விளையாட்டும் தொடங்கும், ஆனால் கதையின் நடுவே வரும் முதல் வீடியோவில் மறுபடியும் அதே சிக்கல், அதுவும் சேவ் செய்யாத இடத்தில். லினக்ஸில் புரோட்டான் வழியாக விளையாடும்போது வீடியோவுக்குப் பதிலாக வண்ணப் பட்டைகள் தெரிந்தால் அதுவும் இதே குடும்பம்தான்: வீடியோவைப் பிரித்து ஓட்டும் பகுதி கிடைக்கவில்லை. அங்கே லோகோவை நீக்குவதற்கு முன் GE-Proton பதிப்பை முயல்வதே நேரான வழி.

நான் பின்பற்றும் வரிசை இதுதான். பெயரை மாற்றிக் காரணத்தை உறுதி செய்துகொள்வேன். வீடியோதான் என்று தெரிந்ததும் பெயரைப் பழையபடி வைத்துவிட்டு, அந்த கேமுக்கு லாஞ்ச் ஆப்ஷனோ ini வரியோ இருந்தால் அதற்கு மாறுவேன். இரண்டும் இல்லாத கேமுக்குத்தான் வெற்று வீடியோ. ஆன்லைன் போட்டி கேம்களுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. ஆன்டி-சீட் கேமின் கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வாய்ப்பு உண்டு, ஒரு லோகோவுக்காக அக்கவுண்டைப் பணயம் வைக்கக் கூடாது. அங்கே லாஞ்ச் ஆப்ஷன் மட்டும் போட்டுப் பாருங்கள், அது பலிக்காவிட்டால் ஸ்டீமிலேயே கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சிதைந்த வீடியோ என்றால் அதுவே புதியதை இறக்கிக் கொடுத்துவிடும்.