எண்ணெய் ஒப்பந்தம்: ஒற்றை வரியா, பட்டியலா?

காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். முகூர்த்த மாதங்களுக்கு முன்பே கடலை எண்ணெய்க்கு ஒப்பந்தம் போட்டுவிடுவது வழக்கம். இந்த முறை இரண்டு மில்காரர்கள் நகல் கொடுத்தார்கள். இரண்டிலும் ‘ஃபோர்ஸ் மஜூர்’ என்றொரு பிரிவு. வெள்ளம், தீ போன்று கைமீறிய ஒன்று சரக்கைத் தடுத்துவிட்டால், வராததற்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்பதே அதன் பொருள். இப்பிரிவு இல்லாவிட்டாலும், நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அப்படி முடியாமல் போனதா என்பதற்குக் கோர்ட்டுப் படி ஏற வேண்டும்.

முதல் நகலில் ஒரே வரி: “எங்கள் கட்டுப்பாட்டை மீறிய எக்காரணத்தாலும் சரக்கு தாமதமானால் மில் பொறுப்பல்ல.” படிக்க எளிது. சென்ற ஆண்டு வேறொரு மில்லுடன் நான் சிக்கியதும் இதே போன்ற வரியில்தான். 40 டின்னுக்கு 30,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தேன். நிலக்கடலை விலை ஏறியதும், “நிலைமை எங்கள் கையில் இல்லை” என்றார்கள். அதே வாரம் பக்கத்துக் கடை வாசலில் அந்த மில்லின் டின்கள் இறங்கின. மில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழைய விலைக்குத் தர மனம் வரவில்லை.

எனக்கு முடிவைத் தந்தது இந்த விலைச் சங்கதிதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த முகவர்கள், செலவு கூடிவிட்டதென்று அதிகத் தொகை கேட்டார்கள்; 1960இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இறக்குமதி நிலக்கரியின் விலை ஏறிய வழக்கிலும் 2017இல் அதே நிலைதான். கூடுதலாகச் செலவழித்தால் சரக்கைத் தர முடியும் என்றால் அது ஃபோர்ஸ் மஜூர் ஆகாது. ஒப்பந்தத்திலேயே விலையேற்றத்தைச் சேர்த்து எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு. மொட்டையான ஒற்றை வரியோ, விலையேற்றமும் கட்டுப்பாட்டை மீறியதுதான் என்று வாதாட இடம் கொடுக்கிறது. சட்டம் நம் பக்கம் இருந்தாலும், 30,000 ரூபாய்க்காக யார் வழக்காடுவது?

இரண்டாவது நகல் காரணங்களைப் பெயர் சொல்லியே எழுதியிருந்தது: வெள்ளம், தீ, அரசின் தடை உத்தரவு. நிகழ்ந்த 3 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தடை 15 நாளைத் தாண்டினால் நான் விலகலாம்; முன்பணம் 7 நாளில் திரும்ப வேண்டும். கல்யாண வீட்டுக்கு மணகோலமும் சீப்புச் சீடையும் தேதி தவறாமல் போயாக வேண்டும் என்பதால், அந்த 15 நாள் கணக்கு எனக்கு உயிர்நாடி. “விலை ஏற்றம் இதில் அடங்காது” என்ற வரியை மட்டும் நான் சேர்க்கச் சொன்னேன்.

மில்காரர் தயங்கினார். “விலை தாறுமாறாக ஏறினாலும் நான்தான் தாங்க வேண்டுமா, ஆச்சி?” என்றார். அவர் கேட்டது நியாயம். நிலக்கடலை விலை நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏறினால் புதிய விலை பேசலாம், அதுவரை ஒப்பந்த விலைதான் என்று தனிப் பிரிவாக எழுதிக்கொண்டோம். இந்த ஒப்பந்தம் இன்னும் ஒரு வெள்ளத்தையும் பார்க்கவில்லை. முதல் 20 டின் சொன்ன நாளில் வந்து இறங்கியிருக்கிறது.