சிலந்தியின் கால் எப்போது எழ வேண்டும்: தூரமா, தாளமா?

கேமில் எட்டுக்கால் பூச்சியை நிரல் எழுதி நடக்கவைக்க முயன்ற யாரும் முதலில் மல்லுக்கட்டுவது, பாதம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மூட்டுகளின் மடிப்பைக் கண்டுபிடிக்கும் ஐகே கணக்கோடுதான். ஆனால் மூட்டுகளை மடக்கித் தரும் வேலையை இன்று பெரும்பாலான இன்ஜின்கள் ஏதோ ஒரு வகையில் செய்துவிடுகின்றன. நடை உயிரோட்டமாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது வேறொரு முடிவு: தரையில் ஊன்றிய ஒரு கால், எந்தக் கணத்தில் எழ வேண்டும்? இதற்கு இரண்டு வழிகள் உண்டு. உடலிலிருந்து பாதம் எவ்வளவு விலகிவிட்டது என்று பார்த்து எழுப்புவது தூர வழி. ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கடிகாரத்தில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு முறை ஒதுக்கி எழுப்புவது தாள வழி.

ஒரே சிலந்தியை வைத்து இரண்டையும் பார்ப்போம். உடல் 1 மீட்டர் நீளம், நடை வேகம் நொடிக்கு 2 மீட்டர், ஒரு கால் எழுந்து ஊன்ற 0.15 நொடி. ஒவ்வொரு காலுக்கும் உடலோடு நகரும் ஓர் இயல்பிடம் உண்டு; அங்கிருந்து கீழ்நோக்கி ரேகாஸ்ட் விட்டுத் தரையைக் கண்டுபிடிக்கிறோம். அதை `home` என்போம்.

தூர வழியில் பலரும் முதலில் எழுதுவது இதுதான்: பாதம் `home`-ஐ விட்டு 0.5 மீட்டருக்கு மேல் விலகினால் அங்கேயே கொண்டுபோய் வை. ஓடவிட்டுப் பார்த்தால் சிலந்தி கால்களை இழுத்துக்கொண்டு போவதுபோல் தெரியும். கால் காற்றில் இருக்கும் 0.15 நொடிக்குள் உடல் 0.3 மீட்டர் முன்னே போய்விடுகிறது. ஊன்றும்போதே பாதம் 0.3 மீட்டர் பின்தங்கியிருக்கிறது, மிச்சம் 0.2 மீட்டர்தான், அதாவது 0.1 நொடி. தரையில் இருப்பதைவிடக் காற்றில் இருக்கும் நேரமே அதிகமாகிவிடுகிறது, எந்தக் காலும் உடலுக்கு முன்னால் நீள்வதே இல்லை.

அதனால் இலக்கை முன்கூட்டி வைக்க வேண்டும். இரண்டு பங்கு வேண்டும்: கால் காற்றில் இருக்கும்போது உடல் நகரும் தூரம் ஒன்று, அதற்கும் முன்னால் எட்டிவைக்கும் தூரம் இன்னொன்று.

```gdscript
var dir = vel.normalized()
var target = home + vel * step_time + dir * lead
var behind = (home - foot).dot(dir)
if behind > 0.5 and neighbours_grounded(leg):
    start_step(leg, target)
```

`lead` 0.4 மீட்டர் என்றால், பாதம் 0.4 முன்னால் ஊன்றி 0.5 பின்னால் போகும்வரை நிற்கிறது. 0.9 மீட்டர், 0.45 நொடி. மொத்தச் சுற்று 0.6 நொடி, அதில் கால்வாசி மட்டுமே காற்றில். இது பார்க்க நடைபோலவே இருக்கும். இங்கே `behind` என்று பின்பக்க விலகலை மட்டும் அளப்பதற்குக் காரணம் உண்டு. வெறும் `distance_to` போட்டு, `lead`-ஐயும் 0.5-க்கு மேல் ஏற்றிவிட்டால், ஊன்றிய ஃபிரேமிலேயே "விலகிவிட்டது" என்று கால் மறுபடி எழும். ஒரே இடத்தில் கால் துடிப்பதைப் பார்த்தால் இதுதான் விஷயம். நின்ற இடத்தில் திரும்பும்போது `vel` பூஜ்யமாகிவிடும் என்பதால், உடலின் வேகத்தை அப்படியே எடுக்காமல் ஒவ்வொரு `home` புள்ளியும் நகரும் வேகத்தை எடுப்பது நல்லது.

`neighbours_grounded` தான் தூர வழியின் உயிர். அது இல்லாவிட்டால், நின்றிருந்த சிலந்தி கிளம்பும்போது எட்டுக் கால்களும் ஒரே ஃபிரேமில் எல்லை தாண்டி எழும். பூச்சி தவளைபோல் துள்ளும். ஒரே பக்கத்தில் முன்னும் பின்னும் உள்ள கால், எதிர்ப்பக்க ஜோடிக் கால் ஆகிய மூன்றும் தரையில் இருந்தால்தான் எழலாம் என்று விதித்தால், இடது 1, வலது 2, இடது 3, வலது 4 சேர்ந்தும், மற்ற நான்கு சேர்ந்தும் மாறிமாறி எழும் ஒழுங்கு தானாகவே அமையத் தொடங்கும்.

இதற்கு எல்லையும் உண்டு. ஒரு நால்வர் குழு காற்றில் இருக்கும் 0.15 நொடியும் மற்றது காத்திருந்தாக வேண்டும். 0.9 மீட்டரை 0.15-ஆல் வகுத்தால் நொடிக்கு 6 மீட்டர். அதைத் தாண்டி ஓடவிட்டால் கால்கள் பின்னால் நீண்டு, ஐகே எட்டாமல் விறைத்துப்போகும். வேகம் கூடும்போது `step_time`-ஐக் குறைப்பதே தீர்வு.

தாள வழி இதற்கு நேர்மாறு. 0.6 நொடிச் சுற்று, ஒரு குழுவுக்கு 0, மற்றதற்கு அரைச் சுற்று என்று தள்ளிவைப்பு. கால்கள் தரையில் இருப்பதை `#`, காற்றில் இருப்பதைப் புள்ளியாக, 0.05 நொடிக்கு ஓர் எழுத்து என்று கன்சோலில் அச்சிட்டால் இப்படி வரும்:

```
L1 ...#########...#########
R1 ######...#########...###
L2 ######...#########...###
R2 ...#########...#########
```

எந்த வழியில் போனாலும் இந்தப் படத்தை அச்சிட்டுப் பாருங்கள். திரையில் "ஏதோ சரியில்லை" என்று தோன்றுவது, எந்தக் கால், எப்போது என்று இதில் பளிச்சென்று தெரியும். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த கால்களின் புள்ளிகளோ, எதிர்ப்பக்க ஜோடியின் புள்ளிகளோ ஒரே நெடுவரிசையில் வந்தால் அங்கேதான் உடல் ஆதாரமில்லாமல் தொங்குகிறது.

தாளத்தின் அழகு சமதரையில், நேர்கோட்டில். சிக்கல் நிற்கும்போது ஆரம்பிக்கிறது. கடிகாரத்தை நிறுத்தினால் நான்கு கால்கள் அந்தரத்தில் உறையலாம். நிறுத்தாவிட்டால் நின்ற இடத்தில் அணிவகுப்பு. வெடிப்பில் உடல் பக்கவாட்டில் தள்ளப்பட்டால், கால் தன் முறை வரும்வரை காத்திருக்கும், அதற்குள் நீண்டுபோகும். இவற்றைத் தடுக்க விதிவிலக்குகள் எழுதத் தொடங்கினால், கடைசியில் தூர வழியைத்தான் வேறு பெயரில் எழுதியிருப்போம்.

சிலந்திக்கு நான் தூர வழியையே தேர்ந்தெடுப்பேன். டாரன்டுலாக்களின் நடையை ஆராய்ந்து டொனால்ட் வில்சன் 1967-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு நான்காக மாறும் ஒழுங்கே அதிகம் தென்பட்டாலும் கால்களுக்கிடையிலான நேர உறவு கணிசமாக மாறுபடுவதைக் காட்டியது. அந்தத் தளர்வு கடிகாரத்தில் கிடைக்காது. அண்டைக்கால் விதியில் இலவசமாகக் கிடைக்கிறது.

உடல் அசைவிலும் இந்தத் தேர்வு எதிரொலிக்கும். தாள வழியில் கடிகாரமே கையில் இருப்பதால் `sin` போட்டால் போதும்: இரண்டு குழுக்கள் என்பதால் மேல்கீழ் அசைவு சுற்றுக்கு இருமுறை, பக்கவாட்டு அசைவு ஒருமுறை. ஆனால் மேடுபள்ளத்தில் அந்த அசைவுக்கும் கால்களுக்கும் சம்பந்தமே இருக்காது. தூர வழியில் எட்டுப் பாதங்களின் சராசரி உயரத்தை உடலின் உயரமாகவும், இடது–வலது, முன்–பின் சராசரிகளை இணைக்கும் இரு திசைகளின் குறுக்குப் பெருக்கலைச் சாய்வாகவும் எடுக்கிறோம். காற்றில் இருக்கும் காலை விட்டுவிட்டால் ஒவ்வொரு எழுச்சியிலும் சராசரி குதிக்கும். அதற்குப் பதிலாக அது ஊன்றப்போகும் இடத்தை நோக்கிச் சீராக நகரும் மதிப்பைப் போட வேண்டும். சாய்வையும் உடனே ஏற்றாமல் `1.0 - exp(-8.0 * delta)` அளவுக்கு மெல்ல நெருங்கவிடலாம்.

இதில் ஒரு பொறி. `home` புள்ளிகளைச் சாயும் உடலுக்குக் கீழே குழந்தை நோடுகளாக வைத்தால், உடல் சாய்ந்ததும் ரேகாஸ்ட் விழும் இடம் மாறும், கால் எழும், சராசரி மாறும், உடல் மறுபடி சாயும். நின்றுகொண்டிருக்கும் சிலந்தி படிக்கட்டு விளிம்பில் ஓயாமல் கால் மாற்றிக்கொண்டிருந்தால் இந்தச் சுழல்தான் காரணம். சாயாத மூல நோடிலிருந்து ரேகாஸ்ட் விட்டு, மெஷ்ஷை மட்டும் சாய்த்தால் நின்றுவிடும்.

மரவட்டை என்று வந்துவிட்டால் என் தேர்வு அப்படியே மாறிவிடும். ஒரு பக்கத்துக்கே பல டஜன் கால்கள். அங்கே நம் கண் தனிக்காலைப் பார்ப்பதில்லை, பின்னிருந்து முன்னோக்கி ஓடும் அலையைத்தான் பார்க்கிறது. தூர வழியில் அந்த அலை வளைவுகளில் கிழிந்துபோகும். ஒவ்வொரு காலும் தனக்குப் பின்னால் உள்ள காலுக்குச் சற்றுத் தாமதமாக எழுமாறு கடிகாரத்தில் தள்ளிவைத்து, அந்தக் கடிகாரத்தையும் நேரத்தால் ஓட்டாமல் உடல் கடந்த தூரத்தால் ஓட்டினால், மரவட்டை நிற்கும்போது அலையும் அதே இடத்தில் நிற்கும். காற்றில் உறையும் சில கால்கள் அத்தனை கால்களுக்கு நடுவே கண்ணில் படாது.