ஷிப்பிங் பில்லின் முதல் பக்கத்தை நம்பி 0.1% பில் போடாதீர்கள்

கரூரில் சிறிய அளவில் கிச்சன் டவல் தயாரிக்கிறேன். நேரடியாக ஏற்றுமதி செய்வதில்லை, பிறரிடம் சரக்கு வாங்கி ஏற்றுமதி செய்யும் மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர்களுக்குத்தான் சரக்கு கொடுக்கிறேன். 2017 அக்டோபரில் வந்த ஜிஎஸ்டி அறிவிப்பின்படி, அவர்களுக்கு 5 சதவீதத்துக்குப் பதிலாக 0.1 சதவீத வரியில் பில் போடலாம். அதை வைத்துத்தான் ஒருவர் என்னை ஏமாற்றிவிட்டார்.

புதிய பார்ட்டி. ஏற்றுமதிக் கவுன்சில் பதிவுச் சான்று, ஆர்டர் காப்பி எல்லாம் சரியாக இருந்தன. ஜூன் 12 அன்று 8 லட்ச ரூபாய் சரக்குக்கு 800 ரூபாய் வரி போட்டு பில் கொடுத்தேன். "துறைமுகத்துக்கு வேண்டாம் அண்ணே, எங்க குடோனுக்கே அனுப்பிடுங்க" என்றார். சரக்கு நேரே துறைமுகத்துக்கோ, பதிவு செய்த கிடங்குக்கோதான் போக வேண்டும். அந்தக் குடோன் பதிவானதா என்று நான் கேட்கவில்லை. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

பில் தேதியிலிருந்து 90 நாளில் சரக்கு ஏற்றுமதியாக வேண்டும். எனக்குக் கெடு செப்டம்பர் 10. ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்வது ஷிப்பிங் பில். செப்டம்பர் முதல் வாரமே வாட்ஸ்அப்பில் அதன் முதல் பக்கம் வந்தது. ஆகஸ்ட் 28 தேதி, கிச்சன் டவல் என்ற பெயர், எல்லாம் இருந்தன. நிம்மதியாக ஃபைலில் வைத்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. முழு ஷிப்பிங் பில்லைக் கேட்டார்கள். எப்படியோ வாங்கிப் பார்த்தால், உள்பக்கத்தில் வேறு ஒருவருடைய ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் இருந்தன. சப்ளை செய்தவரின் ஜிஎஸ்டி எண்ணும் அவர் போட்ட பில் எண்ணும் ஷிப்பிங் பில்லில் இருந்தால்தான் இந்தச் சலுகை செல்லும். என் சரக்கு கப்பல் ஏறியதா, உள்ளூரில் விற்கப்பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சலுகை போனால் மீதி வரியைக் கட்ட வேண்டியது சப்ளை செய்தவர்தான். 40,000 ரூபாயில் 800 போக 39,200 ரூபாய். அதற்கு 18% வட்டி, 14 மாதத்துக்கு 8,200 ரூபாய்க்கு மேல். அந்த ஆர்டரில் எனக்குக் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி அதிலேயே போனது. இந்தத் தொகையைக் கேட்டு அந்தப் பார்ட்டிக்கு டெபிட் நோட் அனுப்பினேன். அவர் போனையே எடுப்பதில்லை.

0.1 சதவீதத்தில்தான் பில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முழு வரி வாங்கினாலும், உண்மையாக ஏற்றுமதி செய்பவர் அதை ரீஃபண்டில் திரும்பப் பெற்றுக்கொள்வார். அதனால் இப்போது புதிய பார்ட்டிகளுக்கு 5% பில்தான். பழகியவர்கள் 0.1% கேட்டால் வரி வித்தியாசத்தை டெபாசிட்டாக வாங்கி வைக்கிறேன். ஷிப்பிங் பில் எல்லாப் பக்கங்களோடும், கப்பல் கிளம்பியதற்கான ஈ.ஜி.எம். சான்றும் வந்த பிறகே திருப்பித் தருகிறேன். ஷிப்பிங் பில் எண், தேதி, துறைமுகம் மூன்றையும் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் போட்டு நானே ஒருமுறை பார்க்கிறேன். 75-ம் நாள் வரை காகிதம் வராவிட்டால் அன்றே போன் செய்கிறேன்.