தராசின் இரண்டு அளவுத்திருத்தங்களுக்கு நடுவே: ஒரு 100 கிராம் கல்லும் ஒரு வரைபும்

யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் ஒன்றில் 220 கிராம் வரை நிறுக்கும், 0.1 மில்லிகிராம் வரை காட்டும் இலத்திரனியல் தராசு இது. அளவுத்திருத்தம் ஆண்டுக்கு ஒருமுறை. அந்தச் சான்றிதழ், தராசு அன்றைக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். மீதி நாட்களுக்குக் காவல், F1 வகுப்பு 100 கிராம் சோதனைக்கல்லும் அதன் கட்டுப்பாட்டு வரைபும். ஒன்றரை ஆண்டுப் பதிவுகளிலிருந்து தெரிந்ததை எழுதுகிறோம்.

சோதனைக்கல் மிகத் துல்லியமானதாக இருக்கவேண்டும் என்பதில்லை, மாறாமல் இருந்தால் போதும். வரைபின் நடுக்கோடும் சான்றிதழ் மதிப்பு அல்ல, இந்தத் தராசு இந்தக் கல்லுக்குக் காட்டும் இடைதான். அதை எடுப்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரே காலையில் பத்துத் தடவை கல்லை வைத்து எடுத்து நியம விலகல் கணித்தால் எல்லைக்கோடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், அடுத்த வாரமே புள்ளிகள் வெளியே பாயும். நாளுக்கு ஒன்றாக 25 நாட்கள் எடுக்க வேண்டும். அப்போதுதான் ஆள் மாறுவதும் அறை மாறுவதும் கணக்கில் வரும். B நிரலில் 100 கிராமிலிருந்து விலகலை மில்லிகிராமில் எழுதிவிட்டால் கணக்கு இவ்வளவுதான்:

```
C3  =ABS(B3-B2)          (C26 வரை இழுக்க)
CL  =AVERAGE(B2:B26)
UCL =AVERAGE(B2:B26)+2.66*AVERAGE(C3:C26)
LCL =AVERAGE(B2:B26)-2.66*AVERAGE(C3:C26)
```

இங்கே நடுக்கோடு +0.3, அடுத்தடுத்த நாட்களின் வித்தியாசத்தின் இடை 0.16. ஆகவே எல்லைகள் ஏறத்தாழ −0.1, +0.7.

இந்த ஊரில் புள்ளியைக் கெடுப்பது பெரும்பாலும் தராசல்ல, காலை நேரம். இரவு ஏசி நிறுத்தப்பட்ட அறை சித்திரையில் காலை எட்டு மணிக்கே 31 பாகையில் நிற்கும். ஏசி அதை 24க்கு இறக்கும்போது, பாகைக்குப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாறும் தராசு கூட 100 கிராமில் 0.7 மில்லிகிராம் நகர்ந்துவிடும். ஆகவே அறை 24க்கு வந்து ஒரு மணித்தியாலம் கழித்தே வாசிப்பு. கல்லும் அதே அறையில், தராசுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சூடான கல் மேலெழும் காற்றால் இலேசாகக் காட்டும். மின்வெட்டில் தராசு அணைந்திருந்தால், மின்பிறப்பாக்கி வந்தவுடன் எடுத்த வாசிப்பை நம்பவே கூடாது. திரும்பவும் சூடேறக் கையேடு சொல்லும் நேரம் முழுவதும் விடுங்கள்.

உள்ளேயுள்ள கல்லால் தராசு தன்னைத் தானே சரிசெய்யும் பொத்தானை வாசிப்புக்கு முன் அமுக்கினால், நேற்றிலிருந்து ஏற்பட்ட நகர்வு அழிந்துபோகும். முதலில் வாசிப்பு, பிறகு பொத்தான். வெப்பநிலை மாறினால் தானாகவே சரிசெய்யும் வசதி இருந்தால் அதை அணைத்துவையுங்கள். அணைக்க முடியாவிட்டால் அது எப்போது ஓடியது என்பதைப் புள்ளிக்குப் பக்கத்தில் குறியுங்கள்.

சோளகம் வீசும் ஆடி மாதத்தில் வந்த புள்ளிகள்: 0.4, 0.5, 0.4, 0.6, 0.5, 0.6, 0.5, 0.6. ஒன்றும் எல்லையைத் தாண்டவில்லை. ஆனால் எட்டும் நடுக்கோட்டுக்கு மேலே. 'எல்லைக்குள்தானே' என்று விடக்கூடிய இடம் இதுதான், விடக்கூடாத இடமும் இதுதான். நகர்ந்தது தராசா, கல்லா? இதற்கென்றே பெட்டியை விட்டு அதிகம் வெளியே வராத இன்னொரு கல் வேண்டும், முடிந்தால் 200 கிராம். தராசின் உணர்திறன் மாறியிருந்தால் 100 கிராமில் 0.2 ஏறிய இடத்தில் 200 கிராமில் 0.4 ஏற வேண்டும். அதன் பழைய இடை 200.0005, ஐந்து தடவை வைத்தெடுத்த இடை அப்போதும் 200.0005. குற்றவாளி தராசல்ல. உருப்பெருக்கியில் பார்த்தபோது சோதனைக்கல்லின் கழுத்து மடிப்பில் தூசும் கைப்பசையும் சேர்ந்த சாம்பல் படலம். மென்தூரிகையால் தட்டி, எதனோலில் நனைத்த நூல் உதிராத துணியால் துடைத்து, F1 கல்லுக்குச் சொல்லப்பட்டபடி இரண்டு நாள் விட்டபின் புள்ளி 0.3க்குத் திரும்பியது. இவ்வளவுக்கும் F1 வகுப்பில் 100 கிராமுக்கு அனுமதி ±0.5; அந்த அனுமதியை மட்டும் பார்த்திருந்தால் இந்த 0.2 கண்ணில் பட்டேயிராது.

வரைபு காணாததும் உண்டு. 100 கிராமில் 0.4 மில்லிகிராம் உணர்திறன் பிழை, ஒரு கிராம் மாதிரியில் 0.004 தான், தராசால் காட்டவே முடியாத அளவு. சிறு மாதிரிகளைக் கெடுப்பது வாசிப்பு தடவைக்குத் தடவை ஆடுவது. நடுக்கோடு அசையாமல் நாளுக்கு நாள் வித்தியாசம் மட்டும் 0.52ஐத் (0.16 × 3.267) தாண்டத் தொடங்கினால், முதலில் ஏசிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள், அடுத்ததாக மேசைக்கால். ஓர வைப்புப் பிழையும் இதில் தெரியாது. கல்லை எப்போதும் தட்டின் நடுவில்தானே வைக்கிறோம். அதற்கு மூன்று மாதத்துக்கொரு தடவை நான்கு மூலையிலும் வைத்துப் பார்க்கிறோம்.